தளம் போட்ட பிறகு நிற்கும் வீடு

வேலூரில் வீட்டுக்கு பிளான் போடுவது, எஸ்டிமேட் எழுதுவது, வங்கிக்கு ஸ்டேஜ் சர்டிபிகேட் கொடுப்பது, இதுதான் என் தொழில். வீட்டுக்கடன் எடுக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இஎம்ஐ எவ்வளவு வரும்?" என்பது. இஎம்ஐ தொடங்குவதற்கு முன்னால் மாதாமாதம் என்ன கட்ட வேண்டியிருக்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். குடும்பங்கள் திணறிப்போவதை நான் அதிகம் பார்த்தது இஎம்ஐ கட்டும் இருபது வருடத்தில் இல்லை, அதற்கு முந்தைய ஒன்று ஒன்றரை வருடத்தில்தான்.

கட்டிய வீட்டை வாங்கினால் வங்கி கடனை ஒரே தடவையில் கொடுத்துவிடும். சொந்த மனையில் நாமே கட்டினால் அப்படி இல்லை. வேலை எந்த அளவுக்கு முடிந்ததோ அந்த அளவுக்குத்தான் பணம் வரும். கட்டுமானத்தின் கட்டங்களை ஒட்டியே பணம் விட வேண்டும், முன்கூட்டியே மொத்தமாக விடக்கூடாது என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியும் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. இப்படித் துண்டு துண்டாக வந்த தொகைக்கு, கடைசித் துண்டு வரும் வரையில் நாம் கட்டுவது வெறும் வட்டி. அதற்குத்தான் ப்ரீ-இஎம்ஐ என்று பெயர். அதில் ஒரு ரூபாய்கூட அசலுக்குப் போகாது. முழுக்கடனும் வாங்கி முடித்த பிறகுதான் இஎம்ஐ, அதாவது அசலும் வட்டியும் சேர்ந்த தவணை, தொடங்கும்.

நம் பக்கத்துக் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். வருடத்துக்கு 9 சதவீதம் என்பது நூற்றுக்கு மாதம் எழுபத்தைந்து காசு, முக்கால் வட்டி. வெளியில் இரண்டு வட்டி, மூன்று வட்டி என்று கைமாற்று வாங்கிப் பழகியவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். விகிதம் சின்னதுதான். ஆனால் அந்தச் சின்ன விகிதம் எவ்வளவு பெரிய தொகையின் மேல், எத்தனை மாதம் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

காட்பாடி தாராபடவேட்டில் கட்டிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், மனைவி பள்ளி ஆசிரியை. மனை இருவர் பெயரிலும் இருந்தது. தரைத்தளம் மட்டும், சுமார் 1,300 சதுர அடி. எஸ்டிமேட் 32 லட்சம். அதில் 8 லட்சம் அவர்கள் கைப்பணம், 24 லட்சம் கடன், 9 சதவீதம், இருபது வருடம். அப்போது காந்தி நகரில் 8,500 ரூபாய் வாடகையில் இருந்தார்கள்.

வங்கி வகுத்த கட்டங்கள் ஐந்து. பேஸ்மட்டம் முடிந்ததும் கடனில் 20 சதவீதம், லிண்டல் மட்டம் வந்ததும் 20, தளம் போட்டதும் 30, பூச்சு வேலை முடிந்ததும் 20, எல்லாம் முடிந்ததும் 10. இந்த விகிதம் வங்கிக்கு வங்கி மாறும், சாங்ஷன் லெட்டரிலேயே இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். முதல் துண்டு பேஸ்மட்டம் முடிந்த பிறகுதான் வருகிறது. போர் போடுவது, கடைக்கால் தோண்டுவது, பேஸ்மட்டம் எழுப்புவது எல்லாமே கைப்பணத்தில் நடக்க வேண்டும். இவர்களுடைய 8 லட்சம் ஏறக்குறைய முழுவதும் அங்கேயே போய்விட்டது.

மார்ச் 18-ஆம் தேதி முதல் துண்டு 4,80,000 வந்தது. அந்த மாதத்துக்கு வட்டி இப்படி:

```
4,80,000 × 9 ÷ 100 ÷ 365 × 14 = 1,657
```

மார்ச் 18 முதல் 31 வரை பதினான்கு நாள், அதனால் 14. இந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போட்டுவிட்டு, கடன் கணக்கு ஸ்டேட்மென்டில் விழுந்த தொகையோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு துண்டு வரும் மாதத்திலும் இதைச் செய்யுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மாதத்தின் நடுவில் பணம் கொடுத்துவிட்டு முழு மாதத்துக்கும் வட்டி போட்ட கதைகள் உண்டு. காசோலை எழுதிய தேதியிலிருந்து வட்டி ஓடும், ஆனால் காசோலை கைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். இவை எல்லாவற்றையும் ரிசர்வ் வங்கி தன் ஆய்வில் கண்டு, 2024 ஏப்ரல் 29 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. பணம் உண்மையில் கைமாறிய நாளிலிருந்துதான் வட்டி எண்ண வேண்டும், அதிகமாக வாங்கியிருந்தால் திருப்பித் தர வேண்டும், காசோலைக்குப் பதிலாக நேரடியாகக் கணக்குக்கு மாற்றுவது நல்லது என்பதுதான் அதன் சாரம்.

இவர்களுக்கும் மூன்றாவது துண்டில் அது நடந்தது. 7,20,000 ரூபாய் காசோலை தயாராகி ஒன்பது நாள் கிளையிலேயே இருந்தது. அந்தத் துண்டுக்கு ஒரு நாள் வட்டி சுமார் 178 ரூபாய். ஒன்பது நாளுக்கு ஏறக்குறைய 1,600. டீச்சர் அந்தச் சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினார், காசோலை வாங்கியபோது கையெழுத்துப் போட்ட தேதியையும் சேர்த்தார். அடுத்த மாதம் தொகை திரும்ப வரவு வைக்கப்பட்டது. எழுத்தில் கேட்டதால்தான் வந்தது. கவுண்டரில் நின்று வாயால் கேட்டதற்கு "சிஸ்டம் அப்படித்தான் போடும்மா" என்ற பதில்தான் முதலில் கிடைத்தது.

இதெல்லாம் சில்லறைத் தொகை. பெரிய தொகை வேறு இடத்தில் போகிறது.

ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் மாத வட்டி எப்படி ஏறுகிறது பாருங்கள். பேஸ்மட்டத் துண்டுக்குப் பிறகு மாதம் 3,600. லிண்டல் துண்டும் சேர்ந்தால் 7,200. தளத்துக்கான பணம் வந்ததும் 16.8 லட்சத்துக்கு 12,600. பூச்சுப் பணம் வந்த பிறகு 21.6 லட்சத்துக்கு 16,200. நாங்கள் போட்ட திட்டப்படி முதல் இரண்டு கட்டத்துக்கும் இரண்டிரண்டு மாதம், தளத்திலிருந்து பூச்சு வரை மூன்று மாதம், அங்கிருந்து முடிக்க இரண்டு மாதம். அதன்படி ஒன்பது மாதத்தில் மொத்த ப்ரீ-இஎம்ஐ 91,800 ரூபாய். இந்தத் தொகையை எஸ்டிமேட்டிலேயே ஒரு வரியாக எழுதிக் கொடுத்தேன். நிறைய எஸ்டிமேட்டில் இந்த வரி இருக்காது. செங்கல், எம்-சாண்ட், கம்பி எல்லாம் இருக்கும், கட்டும் காலத்து வட்டி இருக்காது.

இப்போது வேலை நான்கு மாதம் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். பேஸ்மட்டத்தில் நின்றால் கூடுதல் வட்டி 14,400. அதே நான்கு மாதம் தளம் போட்ட பிறகு நின்றால் 50,400. தாமதம் ஒன்றுதான், விலை மூன்றரை மடங்கு. ஆடியில் வாசக்கால் வைக்கக்கூடாது, மார்கழியில் எதுவும் ஆரம்பிக்கக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் நிறுத்திவைப்பது பெரும்பாலும் ஆரம்பக் கட்டத்தில். அந்த நிறுத்தத்தால் வட்டி பெரிதாக ஏறிவிடாது, அதற்காக வீட்டில் சண்டை போட வேண்டியதில்லை. தளத்துக்குப் பிறகு வேலையை நிற்கவிடக்கூடாது. ஆனால் நம் ஊரில் வீடுகள் நிற்பதே அந்த இடத்தில்தான். சத்துவாச்சாரியிலிருந்து அரியூர் வரை எந்தப் புது நகருக்குள் நுழைந்தாலும், தளம் போட்டு, பூசாத செங்கலோடு நிற்கும் வீடு ஒன்றாவது கண்ணில் படும்.

ஏன் அங்கே நிற்கிறது? தளம் போடும்போதுதான் கம்பி, சிமென்ட், சென்ட்ரிங் கூலி எல்லாம் ஒரே வாரத்தில் கேட்கும். வங்கிப் பணம் தளம் போட்டு, நான் சர்டிபிகேட் கொடுத்து, வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்த பிறகு வரும். நடுவில் ஹார்டுவேர் கடையில் கடன் நிற்கும். பணம் வந்தவுடன் கடைக்கும் காண்ட்ராக்டருக்கும் போய்விடும். கைப்பணம் பேஸ்மட்டத்திலேயே தீர்ந்துவிட்டதால், பூச்சு வேலையை ஆரம்பிக்க எதுவும் மிஞ்சாது. பூச்சு முடிந்தால்தான் அடுத்த துண்டு. இந்த முடிச்சில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு காரணம் ஆசை. தளம் போட்டு, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருப்பார்கள். சாயங்காலம் குடும்பத்தோடு மேலே ஏறிப் பார்ப்பார்கள். காட்பாடி மலைக்காற்று வீசும். அங்கே நின்று "இங்கே ஒரு ரூம் போட்டால் எப்படி இருக்கும்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் அது வங்கி பார்த்த பிளானில் இல்லை.

தாராபடவேட்டு வீட்டிலும் அதுதான் நடந்தது. ஜூலை மத்தியில் மூன்றாவது துண்டு வந்தது. சூப்பர்வைசரின் அம்மாவுக்குத் தனி அறை வேண்டும் என்று, சுமார் மூன்றரை லட்சத்தில் மாடியில் ஒரு அறை எழும்பியது. தரைத்தளப் பூச்சு பாதியில் நின்றது. அக்டோபரில் நான்காவது துண்டு கேட்டார்கள். மதிப்பீட்டாளர் வந்தார். உள்பூச்சு இரண்டு அறையில்தான் முடிந்திருந்தது, வெளிப்பூச்சு ஆரம்பிக்கவே இல்லை. மாடி அறை அனுமதி பெற்ற பிளானில் இல்லை. அவர் இரண்டையும் அப்படியே எழுதினார். காண்ட்ராக்டர் வேலை எழுபது சதவீதம் முடிந்தது என்று சொன்னார், ஆனால் அறிக்கையில் ஐம்பத்தைந்து என்றுதான் வந்தது. வங்கி அறிக்கையைத்தான் பார்க்கும். மாடி அறைக்குச் செலவான மூன்றரை லட்சம் அந்தச் சதவீதத்தில் சேரவே சேராது. திருத்திய பிளானுக்கு அனுமதி வாங்கி வரும் வரை பணம் கிடையாது என்று கிளையில் சொல்லிவிட்டார்கள்.

"அண்ணா, வாடகை 8,500, வட்டி 12,600. ரெண்டும் சேர்ந்து 21,100. வீடு முடியாமலே இஎம்ஐ கட்டுற மாதிரிதானே இது?" என்று டீச்சர் கேட்டார். சரியான கேள்வி. இஎம்ஐ 21,593 ரூபாய்தான் வரப்போகிறது. அவர்கள் அதே சுமையை அசல் குறையாமல், வீடும் இல்லாமல் சுமந்துகொண்டிருந்தார்கள்.

திருத்திய பிளான் அனுமதி வந்தபோது நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. ஈரச் சுவரில் வெளிப்பூச்சை அவசரப்படுத்த நான் ஒப்பவில்லை. நகையை அடகு வைத்து உள்பூச்சை முடித்தார்கள். நான்காவது துண்டு பிப்ரவரி மத்தியில் வந்தது, திட்டத்தைவிட நான்கு மாதம் தள்ளி.

மாடி அறையைக் கட்டத்தான் வேண்டும் என்றால் எப்போது கட்டுவது? என் கருத்து இது. பிளான் போடும்போதே சேர்த்து அனுமதி வாங்கி வைத்துவிடுங்கள். எஸ்டிமேட்டையும் கடனையும் தரைத்தளத்துக்கு மட்டும் தனியாகக் காட்ட முடியுமா என்று வங்கியிடம் முதலிலேயே பேசுங்கள். அறையைப் பிறகு, இஎம்ஐ தொடங்கி, வாடகை நின்ற பிறகு எழுப்பலாம். அப்புறம், கைப்பணம் முழுவதையும் பேஸ்மட்டத்துக்குள் புதைக்காதீர்கள். வங்கி கேட்கும் பங்கைக் காட்டிய பிறகும், தளத்துக்கும் பூச்சுக்கும் நடுவில் ஓட்டுவதற்கென்று ஒரு தொகை தனியாக இருக்க வேண்டும். 32 லட்சம் வீட்டுக்கு இரண்டரை மூன்று லட்சமாவது இருந்தால் பூச்சு வேலை நிற்காது. அந்தப் பணம் இல்லையென்றால் ஆரம்பத்திலேயே வீட்டைச் சிறிதாக்குவது மேல். 1,300 சதுர அடியை 1,150 ஆக்குங்கள் என்று சொல்லி என்னிடம் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

கட்டும் காலத்திலேயே முழு இஎம்ஐயைக் கட்டத் தொடங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். சில வங்கிகள் அனுமதிக்கும். முதல் துண்டுக்கு வட்டி 3,600 போக மீதி 18,000 அசலில் கழியும், கேட்க நன்றாக இருக்கிறது. வாடகை இல்லாதவர்கள், கையில் தாராளமாக இருப்பவர்கள் செய்யலாம். மற்றவர்களுக்கு நான் சொல்வதில்லை. முக்கால் வட்டிக் கடனை அவசரமாகக் குறைத்துவிட்டு, சித்தாள் கூலிக்கு இரண்டு வட்டிக்குக் கைமாற்று வாங்கும் நிலை வந்தால் நஷ்டம்தான். இதற்கு எதிர்ப்புறமாக, கட்டும் காலத்தில் எதுவும் கட்ட வேண்டாம், வட்டியை அசலோடு சேர்த்துக்கொள்கிறோம் என்ற ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. அப்போது 24 லட்சம் கடன் 25, 26 லட்சமாக இஎம்ஐக்குள் நுழையும், வட்டிக்கும் வட்டி ஓடும். சாங்ஷன் லெட்டரில் எந்த ஏற்பாடு எழுதியிருக்கிறது என்று கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டும்.

பிப்ரவரியில் பூச்சுப் பணம் வந்ததும் வேலை வேகம் பிடித்தது. வைகாசியில் கிரகப்பிரவேசம் நடந்தது, வாடகை நின்றது. எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் கடைசித் துண்டு 2.4 லட்சம் இன்னும் வாங்கவில்லை. காம்பவுண்டு சுவரும் வெளிப் பெயின்டும் மாடிப்படிக் கைப்பிடியும் பாக்கி. எஸ்டிமேட்டில் அவை இருந்ததால், முடியாமல் வங்கி தராது. குடிவந்த பிறகு யாருக்கும் அவசரம் தோன்றுவதில்லை. மாதம் 16,200 கட்டிக்கொண்டே இருந்தார்கள். கடன் கட்டுகிறோம் என்றுதான் அந்த வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஸ்டேட்மென்டை எடுத்துப் பார்த்தால் அசல் 21,60,000 என்று அசையாமல் நின்றது.

பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம், 97,200 ரூபாய். அசலில் குறைந்தது எதுவும் இல்லை. முழு இஎம்ஐ தொடங்கியிருந்தால் முதல் ஆறு தவணையில் சுமார் 22,000 ரூபாய் அசல் கழிந்திருக்கும். இந்தக் கடைசித் துண்டு விஷயத்தில் ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது. பாக்கி வேலையை உடனே செய்யப் போவதில்லை என்றால், கடன் தொகையை 21.6 லட்சத்தோடு நிறுத்திக்கொண்டு இஎம்ஐயைத் தொடங்குங்கள் என்று வங்கிக்கு எழுதிக் கொடுக்கலாம். 21.6 லட்சத்துக்கு இருபது வருட இஎம்ஐ 19,434. ப்ரீ-இஎம்ஐயைவிட 3,200 ரூபாய்தான் கூடுதல், அந்தக் கூடுதல் முழுவதும் அசலில் போகும். இவர்களிடமும் சொன்னேன். ஆனால் கேட் கடைக்கும் பெயின்டருக்கும் கொடுக்க அந்த 2.4 லட்சம் தேவை என்றார்கள். அதனால் வேலையை முடித்து ஆகஸ்ட் மத்தியில் வாங்கிவிட்டார்கள். ஒன்பது மாதத்தில் 91,800 என்று நான் எழுதியிருந்த வரி, பதினேழு மாதத்தில் 2,07,000 ஆகியிருந்தது.

இந்த வட்டிக்கு வருமான வரியில் சலுகை உண்டே என்று ஆறுதல் சொல்வார்கள். அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். வீடு முடிந்த நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31 வரை கட்டிய வட்டியை ஐந்தாகப் பிரித்து, முடிந்த ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குக் கழித்துக்கொள்ளலாம். இவர்களுக்கு அந்த மார்ச் வரை சுமார் 1,34,000, ஆண்டுக்கு ஏறக்குறைய 27,000. ஆனால் தான் குடியிருக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு மொத்தமாக 2 லட்சம்தான் வரம்பு, அந்த 27,000-மும் இதற்குள்தான் அடங்க வேண்டும். 24 லட்சம் கடனின் அந்த வருட வட்டியே 2 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. ஒருவர் மட்டும் கழித்திருந்தால் அந்த ஐந்தில் ஒரு பங்கு வீணாகியிருக்கும். மனையும் கடனும் இருவர் பெயரிலும் இருந்ததால் ஆளுக்கு 2 லட்சம் வரம்பு கிடைத்தது, பிரித்துக் கழித்துக்கொண்டார்கள். கடனில் மட்டும் பெயர் இருந்து, மனைப் பத்திரத்தில் இல்லாவிட்டால் இது செல்லாது. கட்டும் காலத்து வட்டிக்குத் தனிச் சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும், வருடாந்தரச் சான்றிதழில் அது பிரிந்து வருவதில்லை.

கடைசித் துண்டு வந்ததும் புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கச் சொன்னேன். அதில் முதல் வரியில் தொடக்க அசல் 24,00,000 என்று முழுசாக இருக்க வேண்டும். 24,07,000, 24,09,000 என்று உதிரியாக இருந்தால், நடுவில் எந்த மாத ப்ரீ-இஎம்ஐயோ கணக்கிலிருந்து எடுக்கப்படாமல் அசலோடு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தவணை எண்ணிக்கை 240-தானா, முதல் தவணைத் தேதி எது என்றும் பார்க்க வேண்டும். டீச்சர் அட்டவணையை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். தொடக்க அசல் 24,00,000. செப்டம்பர் தவணை 21,593, அதில் வட்டி 18,000, அசல் 3,593.